சகலை படித்த தகவல் தாள்

மொழிபெயர்ப்பாளன் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை. மிக்ஸி ஜாரைக் கழுவும் விதம், தலை எண்ணெயைக் கண்ணில் படாமல் தேய்க்கும் விதம், காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போவதற்கான காரணங்கள், இவைதான் நான் தமிழுக்குச் செய்த தொண்டு. யாரும் படிக்காத தமிழை எழுதுவதில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே எனக்கு நிகர் கிடையாது.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரிக்காக மருந்து ஆய்வின் தகவல் தாளை ஒப்புக்கொண்டேன். கல் தூசி நுரையீரலில் படிந்து, தழும்பாகி, இறுகிப்போகிற நோய். போன நுரையீரல் திரும்பி வராது. ஒரு புது மாத்திரை அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக்குமா என்று பார்க்கப் போகிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. ஆய்வுக்கு வரும் நோயாளி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாள்.

முதல் படியை எழுதி முடித்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. ‘இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது முற்றிலும் தன்னார்வத்தின் பாற்பட்டதாகும்.’ யாராவது ஒரு பொன்னாடையோடு வாசலில் நிற்கிறார்களா என்று எட்டிக்கூடப் பார்த்தேன்.

ஆய்வை ஒருங்கிணைக்கிற பெண் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு நாளெல்லாம் பேசுகிறவர்.

“சார், தமிழ் ரொம்ப நல்லா இருக்கு. யாருக்காவது படிக்கக் குடுத்தீங்களா?”

“என் மனைவிக்கு.”

“என்ன சொன்னாங்க?”

“தூங்கிட்டாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “இந்த மாதிரி கல் வேலை செய்யறவங்க யாரையாவது எதிர்ல உக்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டுவாங்க. படிச்சதை அவங்க வார்த்தையில திருப்பிச் சொல்லச் சொல்லுங்க.”

அந்த மாதிரி வேலை செய்கிறவர் என்றால் எனக்கு ஒரே ஒருவர்தான். என் சகலை. அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். நீங்கள் வாங்கிப்போன பிள்ளையாரின் தும்பிக்கை வழவழவென்று இருக்கிறதென்றால், அதிலிருந்து உதிர்ந்த தூசி என் சகலையின் மார்புக்குள் இருக்கிறது. அதே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். ‘ஒரு ஆய்வு வரப்போகிறது, வந்ததும் சொல்கிறோம்’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அந்த வீடு ஒரு மழைக்காலத்தையே ஓட்டிவிட்டது.

இதை ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “படிச்சுப் பாக்கட்டும். ஆனா பின்னாடி அவரு ஆய்வுக்கு வந்தா, நீங்க சேருன்னும் சொல்லக் கூடாது, வேணாம்னும் சொல்லக் கூடாது. சரியா சார்?”

“என் வீட்ல நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல மேடம்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சகலை வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். அவர் ஒரு வரி படித்து, ஒரு மூச்சு வாங்கி, அடுத்த வரி படித்தார்.

“இன்னா சகல, தன்னார்வம்னு போட்டுகீற? வெள்ளம் வந்தா போட்ல வந்து சோத்துப் பொட்டலம் குடுப்பாங்களே, அவங்களா வருவாங்க?”

“இல்ல. நீயா இஷ்டப்பட்டா சேரலாம்னு அர்த்தம்.”

“அத அப்டியே எழுதேன். கைல சுளுக்கா?”

எழுதினேன். ‘சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சேராவிட்டாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் அப்படியே தொடரும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.’ யாருக்கு எந்த மாத்திரை என்பதற்கு, என் சாமர்த்தியத்தைக் காட்டி, ‘குலுக்கல் முறையில்’ என்று போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படித்துவிட்டுச் சகலை பெருமூச்சு விட்டார்.

“குலுக்கல்ல எனக்கு எப்பவுமே வுழாது சகல. புது மாத்திரய வேற எவனாவது அடிச்சிகினு போயிடுவான்.”

அவர் மனசில் புது மாத்திரை ஒரு பரிசு. கிடைத்தவன் பிழைத்தான், கிடைக்காதவன் ஏமாந்தான். அதைத்தான் என் தமிழ் அவருக்குச் சொல்லியிருந்தது. குலுக்கலை அடித்தேன். ‘உங்களுக்கு எந்த மாத்திரை என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். நீங்களோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. எது என்பது உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. புது மாத்திரை பயன் தருமா என்று இதுவரை தெரியாது. அதனால்தான் இந்த ஆய்வு.’

தமிழிலிருந்து வேறொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்கிற ஒரு சடங்கு உண்டு. ஆங்கில மூலத்தை அவர் பார்த்திருக்கக் கூடாது. என் முதல் படி போயிருந்தால் மூலம் அப்படியே கண்ணாடி போலத் திரும்பி வந்திருக்கும். இந்தப் படிக்கோ மருந்துக் கம்பெனியிலிருந்து கேள்விமேல் கேள்வி. ஒரு சொல் இருந்த இடத்தில் ஏன் நான்கு வாக்கியம்? ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நானும் கூட உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் தமிழுக்காக நான் சண்டை போட்டேன். கடைசியில் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அந்தப் படியை ஒப்புக்கொண்டது.

குழுவுக்கு அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை சகலையிடம் படிக்கக் கொடுத்தேன். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“இது வைத்தியம் இல்ல, சோதன. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திர. எனக்கு இன்னான்னு எவனுக்கும் தெரியாது. புது மாத்திர வயித்தால போவும், ஈரலப் புடிக்கலாம், அதுக்கு மாசாமாசம் ரத்தம் எடுப்பாங்க. அதால எதனா ஆச்சுன்னா அவங்க செலவுல பாப்பாங்க, நஷ்ட ஈடும் உண்டு. வாணாம்னா வந்துடலாம். போன நுரையீரல் போனதுதான்.”

“பிரமாதம் சகல!” என்று கையைத் தட்டிவிட்டேன். இப்படிக் கச்சிதமாக என் எழுத்தை யாரும் திருப்பிச் சொன்னதே இல்லை.

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் எங்களுக்கான டீ. ‘போன நுரையீரல் போனதுதான்’ என்பதை அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. சகலையும் சொல்லவில்லை. நான் தட்டிய கை அப்படியே நின்றது. அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரில் ஆடை கட்டும்வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த ஆய்வு ஒன்றுதான் மிச்சம். பாதி என்றால் பாதி. பாதியாவது கிடைக்கிறதே என்றாள். சகலைதான் பிடி கொடுக்கவில்லை. அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா, அதாவது என் மனைவி, என்னிடம் வந்தாள்.

“அவரு நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

“நான் சொல்லக் கூடாது.”

“யாரு சொன்னா?”

“நானே எழுதியிருக்கேன். ‘யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது.’”

“மிக்ஸி ஜாரக் கழுவணும்னும்தான் எழுதினீங்க. ஒரு நாளாச்சும் கழுவியிருக்கீங்களா?”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை, ‘சேந்துடேன் சகல’ என்று. அவர் சேர்ந்திருப்பார். ஆனால் என் சொல்லுக்காகச் சேர்ந்திருப்பார். அந்த மாத்திரை அவர் ஈரலை ஏதாவது செய்தால், என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? சொல்லாமல் இருந்ததில் தர்மம் பாதி, கோழைத்தனம் பாதி. எது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது.

கூப்பிட்ட நாளில் சகலை, அவர் மனைவி, நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒருங்கிணைப்பாளர் தாளைக் கொடுத்து, நிதானமாகப் படிக்க நேரம் விட்டு, பத்தி பத்தியாகப் பேசினார். கடைசியில் கேட்டார்.

“சேரச் சொல்லி உங்கள யாராவது வற்புறுத்தினாங்களா?”

சகலை மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல மேடம்” என்றார். “கையெழுத்துப் போட்டுடறேன். பேனா குடுங்க.”

பேனாவை ஒருங்கிணைப்பாளர் கொடுக்கவில்லை. “அம்மா, சார், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? டாக்டர் இவர்கிட்ட தனியாப் பேசணும்.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒருத்தர் எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் இரண்டு ஜோக் யோசித்தேன். இரண்டையும் முழுங்கினேன்.

சகலை வெளியே வந்தபோது கையில் தாள் இருந்தது. கையெழுத்து இல்லை.

“வாணாம்னுட்டேன்” என்றார்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?” அவள் எழுந்துவிட்டாள். “கோச்சிகினாரா?”

“இல்ல. சரின்னாரு. எப்பவும் குடுக்கற மருந்தே எழுதிக் குடுத்தாரு. மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னாரு. அடுத்த மாசம் வரச் சொன்னாரு.”

சேராவிட்டாலும் வைத்தியம் தொடரும். நான் எழுதியதில் ஒரு வாக்கியமாவது என் கண் முன்னால் உண்மையானது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பெஞ்சில் அதற்கு இடம் இல்லை.

மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது கேட்டேன். வற்புறுத்தக் கூடாது என்றுதானே இருக்கிறது, முடிந்த பிறகு கேட்கக் கூடாது என்று இல்லையே.

“ஏன் சகல?”

“வயித்தால போவும்னு எழுதிகீற இல்ல. பட்டறையில கக்கூஸ் எங்க கீது? சவுக்குத் தோப்பு வரிக்கும் நடக்கணும். அதுக்கு மூச்சு எங்க கீது? அரை நாள் வேலையாச்சும் செய்யறேன் இப்ப. அதுவும் போனா வூட்ல குந்திகினு இன்னா பண்றது, இவ மூஞ்சியும் என் மூஞ்சியும் பாத்துகினு?” மூச்சு வாங்கினார். “நல்லா கீது உன் தாளு. எல்லாம் வெளங்கிச்சி.”

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு. வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர்களை வீட்டில் விட்டுவரலாம் என்று நானும் பஸ் ஏறினேன். சகலை ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. மூச்சு ஒவ்வொன்றும் மேடு ஏறி வந்தது. திருக்கழுக்குன்றத்தில் பாதிக் கூட்டம் இறங்கியதும், நடுவில் உட்கார்ந்திருந்த அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அவருக்கு இவ்ளோ வெளக்கமா சொல்லணுமா?”

“சொல்லித்தான் ஆகணும்மா.”

“அப்ப எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

அவள் புடவைத் தலைப்பால் அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.