நாற்பது எழுத்துக்குள் அக்கா

டயர் கடைக்கு மேல், மூன்றாவது மாடியில் இருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வீடியோ கேம்களைத் தமிழாக்குவது தங்கையின் வேலை. அந்த வருடம் அவளிடம் வந்த கேமில் ஆயுதக் கடை நடத்தும் சூனியக்காரி ஒருத்தி இருந்தாள். வாய் நீண்டவள், வருகிறவன் வீரனானாலும் விடமாட்டாள், நாலு வார்த்தை குத்திவிட்டுத்தான் கத்தியை நீட்டுவாள்.

அவள் பேச்சு திரையின் அடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். நாற்பது எழுத்து, இடைவெளியும் சேர்த்து. நம் கண்ணுக்கு ‘கொ’ ஓர் எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ‘க்’கின் புள்ளிக்குக்கூடத் தனிக் கணக்கு. நாற்பதைத் தாண்டினால் வரியின் வால் அறுந்துவிடும். தமிழில் வினை வாலில்தானே இருக்கிறது? நீண்ட வரியொன்றின் முடிவில் வரும் ‘உன்னைக் கொல்ல மாட்டேன்’ என்பது ‘உன்னைக் கொல்ல’ என்று நின்றுபோனால் கதையே கந்தல்.

மூலத்தில் இருந்த சிலேடைகள் தமிழில் உப்புச்சப்பில்லாமல் விழுந்தன. நகைச்சுவை வந்தால் நீளம் வரவில்லை. நீளம் அடங்கினால் சிரிப்பு செத்தது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் காலை, வாசலில் சந்தா கேட்டு நின்றவரை அக்கா விரட்டுவது காதில் விழுந்தது. அக்கா எதையும் சுருக்கெனச் சொல்வாள். கணவன் விட்டுப்போன பிறகு மகளோடு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டவள். அப்போதும் நாக்கு மட்டும் துருப்பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து தங்கை அக்காவை எழுதினாள். காசில்லாமல் வருகிறவனிடம், “கை வீசி வந்தவனுக்குப் பை எதுக்கு?” ஓட்டைக் கேடயத்தைப் பார்த்து, “கேடயமா இது? சல்லடையா?” செத்துப் பிழைத்து வருகிறவனிடம், “செத்தும் திருந்தலியா?” எல்லாம் பெட்டிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தன.

கடையைவிட்டு வெளியேறும் இடத்துக்கு ஒரு வரி வேண்டும். அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அக்காவின் கணவன் பெட்டியோடு கிளம்பிய அன்று, அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தவள் பக்கத்து அறையில் இருந்தபோது கேட்டது: “போ. போறதுக்குத்தானே எல்லாரும் வர்றீங்க.” எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்பது. விரல் ஒரு நொடி தயங்கியது, பிறகு அனுப்பிவிட்டாள்.

கேம் வெளிவந்தது. சூனியக்காரிக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் கல்லூரித் தோழிகளோடு கூடத்து டிவியில் விளையாடினாள். கடையைவிட்டு வெளியே வந்ததும் அந்த வரி திரையில் எழ, மகள் அதைக் குரலை இழுத்து வாசித்தாள். தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

எல்லாரும் போன பிறகு தங்கையிடம் வந்தாள்.

“அது நான் அவருகிட்ட சொன்னதுல்ல?”

“பக்கத்து ரூம்ல இருந்தேன்க்கா. காதுல விழுந்துச்சு.”

“விழுந்தா? பொறுக்கி எடுத்து வித்துடுவியாடி?”

“அக்கா, உன்னைக் கிண்டல் பண்ணணும்னு இல்ல, சத்தியமா...”

“அன்னைக்கு நான் சிரிக்கறதுக்காகச் சொல்லல.”

அவ்வளவுதான். சண்டைகூட இல்லை.

மறுநாள் தங்கை மேலாளரிடம் போய், அடுத்த அப்டேட்டில் அந்த ஒரு வரியை மாற்றச் சொன்னாள். அதற்குப் பதிலாக ‘சரி, போயிட்டு வாங்க’ என்று எழுதித் தந்தாள். அவர் சிரித்தார்.

“இது யாரு, சூனியக்காரியா, பேங்க் கவுன்ட்டரா? ஜனங்க அந்த வரியைத்தாம்மா ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச்சு விளையாடுறாங்க. கம்பெனிக்காரங்க தொடவே விடமாட்டாங்க.”

காரணத்தைச் சொல்லாமலே தாளை எடுத்துக்கொண்டு திரும்பினாள். வரி அப்படியே நின்றது.

வீட்டில் அக்கா மாறிப்போனாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், “ஆமா”, “இல்ல”, “வச்சிருக்கேன்”. கதவைத் தட்டுகிறவர்களிடம்கூட மரியாதையாகப் பேசினாள். தங்கை அறைக்குள் வந்தால், மகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விழுங்கினாள். சில மாதங்களில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. மகளை அழைத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். போகும்போது தங்கை வாசல்வரை வந்தாள். அக்கா, “வரேன்” என்றாள்.

கேமின் இரண்டாம் பாகம் வந்தபோது சூனியக்காரிக்கு நிறையப் பேச்சு இருந்தது. தங்கை எழுதியவை எல்லாம் பெட்டிக்குள் அடங்கின. ஒன்றிலும் உயிர் இல்லை. ‘இது அவள் பேச்சு மாதிரி இல்லை’ என்று சரிபார்ப்பவர் வரிக்கு வரி குறித்து அனுப்பினார். கடைசியில் தங்கையே அந்தப் பாத்திரத்தைப் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

அந்த மேசைக்காரி பழைய வரிகளையெல்லாம் படித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிக் கேட்டாள்: “கோபத்துல எப்படிப் பேசுவாங்கன்னு புரியுது. இதுல கடைசில இவங்க சந்தோஷமா இருக்கற மாதிரி ஒரு சீன் வருது. அப்ப எப்படிப் பேசுவாங்க?”

தங்கை பழைய வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியலை” என்றாள்.