ஒன்றும் நடக்காத மேடு

என் அம்மா ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து குளிரோடுதான் சண்டை. பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஜூன் மாதத்திலும் சால்வையோடு திரிவார். அவர் பெற்ற நானோ, நகரத்துக்கு வெளியே ஓர் ஆய்வுகூடத்தின் உறைகுளிர் அறையில் நின்று சம்பளம் வாங்குகிறேன். "வெளியில இருக்கிற குளிர் காணாதெண்டோ உள்ளுக்கையும் போய் நிக்கிறாய்?" என்று இன்றைக்கும் கேட்பார். எனக்கு அந்த அறை பிடிக்கும். அங்கே ஒருவரும் தேவையில்லாமல் கதைப்பதில்லை.

எங்கள் வேலை உறைநிலத்தோடு. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் கோடையிலும் உருகாமல் கிடக்கும் நிலம் அது. துளையிட்டு எடுத்த மண் உருளைகள் உறைந்தபடியே எங்களிடம் வரும். பழங்காலத்து வேரும் இலையும் பாசியும் அழுகாமல் அதற்குள் இருக்கும். உருகினால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னத் தொடங்கும். கரியமில வாயுவும் மீதேனும் வெளியேறும். எவ்வளவு வெளியேறும் என்பதே எங்கள் கேள்வி. அதனால் கார்பன் நிறைந்த கறுத்த மண் வந்தால் எங்களுக்குத் தீபாவளி, வெறும் சரளைக்கல் வந்தால் முகம் தொங்கிவிடும்.

ஒரு கோடையில் கனடாவின் வடக்கே ஒரு சிற்றூரில் துளையிட்டோம். அந்த ஊர் மருத்துவ நிலையத்தின் தாதி தன் வீட்டிலேயே எங்களைத் தங்கவைத்தார். அவருடைய மருத்துவ நிலையம் ஐஸ் நிறைந்த நிலத்தில் நின்றது. கட்டடத்தின் சூடு கீழே இறங்கி, ஐஸ் உருகி, ஒரு மூலை புதைந்துகொண்டிருந்தது. வெளியே தெருவும் மேடும் பள்ளமுமாக நெளிந்து கிடந்தது. பிரசவ அறையின் தரை சரிந்ததால் அதைப் பூட்டிவிட்டார்கள். கர்ப்பிணிகள் வாரக்கணக்கில் முன்னதாகவே விமானமேறி, தெற்கே ஒரு நகரத்தில் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

புதிய கட்டடத்துக்கு ஊரார் இரண்டு இடங்கள் பார்த்திருந்தார்கள், ஒன்று ஆற்றங்கரை, மற்றது ஊருக்குப் பின்னாலிருந்த மேடு. கட்டட எஞ்சினியர்களைக் கூப்பிடுமுன், அந்த இரண்டு இடங்களிலும் நாங்கள் எடுத்த உருளைகள் என்ன சொல்கின்றன என்று அறியத் தாதி விரும்பினார்.

ஆற்றங்கரை உருளைகள் கன்னங்கரேல் என்றிருந்தன. மேட்டு உருளைகளோ வெறும் சரளை, அடியில் பாறை. வசந்தத்தில் புதிய பெட்டிகளுக்கு இடம் வேண்டிக் குளிரறையை ஒழிப்பது எங்கள் வழக்கம். டிரெஸ்டனிலிருந்து வந்து சேர்ந்த தமிழ்நாட்டுச் சக ஆய்வாளர் மேட்டு உருளைகளைத் தூக்கிப்போடும் பக்கத்தில் அடுக்கிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, ஆய்வுகூட விதி அப்படி.

"இதுல கார்பனே இல்லைங்க. எதுக்கு வெச்சிருக்கோம்?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எங்களுக்குப் பிரயோசனமில்லாவிட்டால் உலகத்துக்கே பிரயோசனமில்லையா என்று கேட்டேன். பிறகு அந்தப் பூட்டிய அறையைப் பற்றிச் சொன்னேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு, உருளை அறுக்கும் வாள் இயந்திரத்தடிக்குப் போனார். எனக்கு அவரை நல்லாய்ப் பிடித்துப்போனது அன்றுதான்.

அழுக்குப் படிந்த வெளிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினோம், துண்டுகளாக அறுத்தோம், நிறுத்தோம். பிறகு இரண்டு இடத்துத் துண்டுகளையும் கண்ணாடிக் குவளைகளில் நிரப்பி, உறைந்த மண்ணின் உயரத்தில் கோடு போட்டு, உருக விட்டோம். ஆற்றங்கரைக் குவளையில் மண் அடியில் சேறாகப் படிய, மேலே கலங்கல் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. மண்ணின் இடைவெளிகள் கொள்ளக்கூடியதைவிட அதிக ஐஸ் அதில் இருந்திருக்கிறது. கட்டடமும் அந்தளவுக்கு இறங்கும். மேட்டுக் குவளையில் நாங்கள் போட்ட கோட்டிலேயே சரளை நின்றது, மேலே தண்ணீர் இல்லை. மேட்டின் மற்றத் துண்டுகளும் அப்படியே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தாதியோடு வீடியோவில் கதைக்க நாளும் நேரமும் குறித்து டெர்மின் வைத்தோம். குவளைகளைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். எஞ்சினியர்கள் இன்னும் பல துளைகள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை முதலே சொல்லிவிட்டேன். ஆற்றங்கரைதான் ஊருக்குப் பிடித்த இடம், கிழவர்களுக்கு நடக்க வசதி. அவர் ஆற்றங்கரைக் குவளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பிறகு, நிலம் உருகினால் மேட்டில் என்ன நடக்கும் என்று கேட்டார். நாங்கள் பார்த்தவரையில் ஒன்றும் நடக்காது என்றேன். இத்தனை வருட ஆராய்ச்சியில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு பதிலை நான் சொன்னதில்லை.

அவர் திரும்பி, பின்னால் கதிரையில் இருந்த ஓர் இளம்பெண்ணிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணின் வயிறு எட்டு மாதம்போல் பெருத்திருந்தது. மடியில் விமானத்துக்குக் கட்டிய பை. அவளுடைய இந்தப் பிரசவத்துக்குப் புதிய கட்டடம் உதவப்போவதில்லை. அவள் கமராவுக்குக் கிட்ட வந்து, ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப அடுத்த பிள்ளையை நான் வீட்டுக்குக் கிட்டப் பெறலாம்."