ஆட்டு மணிக்கு என்ன வரி

கோவில்பட்டி வணிகவரி அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது வருஷம் அந்த மணிப் பிரச்சினை வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டால் மூத்த உதவியாளரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவார். புத்தகத்துக்குள் திருத்தத் துண்டுகள் ஒட்டி ஒட்டி அது மூடவே மூடாது.

மார்க்கெட் ரோட்டில் ஒரு அண்ணாச்சி இரும்புக் கடை வைத்திருந்தார். மண்வெட்டி, களைகொத்தி, கடப்பாரை, ஆணி, வாளி, கயிறு என்று கரிசல் காட்டுச் சம்சாரிக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். கையால் வேலை செய்யும் விவசாயக் கருவிகளுக்கு வரி கிடையாது. ஆணிக்கு ஒரு வீதம், வாளிக்கு ஒரு வீதம். உள்ளூரில் வாங்கி விற்றால் முதலில் விற்றவர் வரி கட்டியாயிற்று என்று பில்லைக் காட்டித் தப்பலாம். வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்தால் இவர்தான் முதல் விற்பனையாளர், இவர்தான் கட்ட வேண்டும். ஆடு மாடுகளுக்குக் கட்டும் பித்தளை மணிகளை அவர் வடக்கேயிருந்து லாரி பார்சலில் வரவழைத்தார். அந்த மணியை மண்வெட்டியோடு சேர்த்து விவசாயக் கருவி என்று கணக்குக் காட்டினார். எங்கள் பழைய அதிகாரியும் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். மூன்று நாள் கோப்புகளைக் குடைந்தார்கள். போகும்போது ஒரு ஆட்சேபணையை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மணி உழாது, அறுக்காது, வெட்டாது. ஆகவே அது கருவி அல்ல, பித்தளைச் சாமான். விடுபட்ட வரி நூற்று நாற்பது ரூபாய் சொச்சம்.

புதிதாக வந்திருந்த அதிகாரி நல்ல மனுஷர், நேர்மையானவர். தொல்லையே அங்கேதான் தொடங்கியது. வேறு யாராவது என்றால் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பார். இவர் சட்டத்தை முழுக்கப் படித்தார். உழவு மாட்டுக்குக் கட்டும் மணி உழவுக்கு உதவுவதால் கருவியாகக் கொள்ளலாம். கோயிலுக்கு வாங்கினால் பூஜைப் பொருள், அதற்கும் விலக்கு உண்டு. ஆட்டுக்கு வாங்கினால்? ஆடு மேய்ப்பது விவசாயமா, இல்லையா? இரண்டு நாள் யோசித்துவிட்டு, யார் எதற்கு வாங்கினார்கள் என்று தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும் என்றார்.

அண்ணாச்சிக்கு ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபால் போயிற்று. அவர் கடையைப் பூட்டிவிட்டு, கணக்குப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, நாலு பேரேட்டைத் துணியில் கட்டித் தூக்கி வந்தார். அதிகாரி அன்று சோதனைச்சாவடிக்குப் போயிருந்தார். மறுவாரம் அண்ணாச்சி மறுபடியும் வந்தார். அன்று மின்சாரம் இல்லை, தட்டச்சுக்காரர் விடுப்பு. மூன்றாம் தடவை வந்தபோது விசாரணை நடந்தது. யாருக்கு விற்றீர்கள் என்று அதிகாரி கேட்க, அண்ணாச்சி எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று முப்பது பேரின் ஊரும் அடையாளமும் சொன்னார். நான் எழுதி எழுதிக் கை ஓய்ந்தேன்.

அதோடு, இனிமேல் விற்கும் மணிக்குத் தனி நோட்டு வைக்கச் சொல்லி உத்தரவானது. அடுத்த மாதம் ஒரு வாளி வாங்கப் போனபோது அந்த நோட்டைப் பார்த்தேன். ஆடு, மாடு, சாமி என்று மூன்று பத்தி போட்டிருந்தார். அன்று ஒருவர் மணி கேட்டு வந்தார். எதற்கு என்று அண்ணாச்சி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மணி எதற்கு வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார். அண்ணாச்சி பொறுமையாக, சர்க்கார் கேட்கச் சொல்லியிருக்கிறது என்றார். வந்தவர் தன் வீட்டில் எத்தனை ஆடு இருக்கிறது என்று சர்க்கார் கணக்கெடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, மணியே வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார்.

பழைய பட்டியலில் ஐந்து பேரையாவது நேரில் விசாரித்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று என்னையும் அலுவலக உதவியாளர் ஒருவரையும் பசுவந்தனைக்கு அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் நடந்து, ஐந்தாவது ஆளாக, ஆட்டுக் கிடை போட்டிருந்த ஒரு அம்மாவைக் கண்டுபிடித்தோம். நாற்பது ஆட்டுக்கு நடுவில் நின்றிருந்தார். நான் கோப்பைப் பிரித்து, நீங்கள் வாங்கிய மணி ஆட்டுக்கா, சாமிக்கா என்று கேட்டேன்.

அந்த அம்மா கொம்பு முறுக்கிய ஒரு கிடாவைக் காட்டினார்.

“இது நேந்துவிட்ட கிடா, தாயி. இப்ப ஆடாத்தான் நிக்கி. கோயில் கொடை அன்னைக்குச் சாமிக்குப் போயிரும். மணிய அங்கனயே கோயில்ல கட்டிருவோம். நீங்க எதுல வேணும்னாலும் எழுதிக்கோங்க.”

அதை அப்படியே எழுதி, கைநாட்டு வாங்கி, மோர் குடித்துவிட்டு வந்தோம். அதிகாரி வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். விற்ற அன்றைக்கு என்ன நோக்கம் என்பதுதான் சட்டத்தின் கேள்வி, ஆனால் விற்ற அன்றைக்கு அது இரண்டுமாக இருந்திருக்கிறதே என்றார். பிறகு மறுபடியும் சட்டப் புத்தகத்தைப் பிரித்தார்.

அந்த வாரம் பயணப்படி பில் எழுதும் வேலை என்னுடையது. எங்கள் இருவரின் பஸ் கட்டணம், தினப்படி, தபால் செலவு, தட்டச்சுத் தாள் எல்லாம் சேர்த்தபோது தொகை நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. சம்பளத்தைச் சேர்க்கவே இல்லை. அண்ணாச்சி கடையைப் பூட்டிய நாட்களும் கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்ததும் எந்தக் கோப்பிலும் வராது. வசூலான வரியை எழுதத்தான் எங்களிடம் பதிவேடு இருந்தது. வசூலிப்பதற்கும் கட்டுவதற்கும் ஆகிற செலவை எழுத ஒரு பத்திகூட இல்லை. யாரும் திருடவில்லை, யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எல்லாரும் விதிப்படிதான் நடந்தோம். அதனால்தான் இவ்வளவு செலவு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. விலக்கு கொடுத்தவர் ஏழைச் சம்சாரிக்கு உதவத்தான் கொடுத்திருப்பார். ஆனால் ஒவ்வொரு விலக்கும் ஒரு வேலி. வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைச் சரிபார்க்க இன்னொரு ஆள்.

ஐந்தாம் தடவை வந்தபோது அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“சார், எல்லா மணிக்கும் வரியப் போட்டுருங்க. நான் கட்டிட்டுப் போறேன். என்னால முடியல.”

அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். வரி இல்லாத பொருளுக்கு வரி விதிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். வாங்குகிறவர்களிடம் அந்த வரியை வசூலித்தால் அதுவே தனிக் குற்றம், அதற்கு அபராதம் உண்டு என்றும் விளக்கினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

கடைசியில் அதிகாரி ஆட்டு மணிக்கு மட்டும் வரி போட்டார். நேர்ந்துவிட்ட கிடாவின் மணியைச் சாமி பத்தியில் சேர்த்தார். மொத்தம் அறுபத்து மூன்று ரூபாய். தணிக்கைக்குப் பதினோரு பக்கத்தில் பதில் போயிற்று. மறு வருஷம் ஆட்சேபணை தீர்ந்ததாக ஒரு வரியில் கடிதம் வந்தது.

அதற்குள் அண்ணாச்சி மணி வரவழைப்பதையே நிறுத்திவிட்டார். சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்கிற ஒருவர் அந்த வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் விற்கிற அளவுக்குப் பதிவே தேவையில்லை, வரியும் இல்லை, நோட்டும் இல்லை. ஆக, சர்க்காருக்கு அந்த அறுபத்து மூன்றும் இனி இல்லாமல் போயிற்று.

பல வருஷம் கழித்து வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. வீதங்கள் சுருங்கின. அதற்கான பயிற்சி வகுப்பில், எளிமையும் ஒரு வரிக் கொள்கைதான் என்று ஒருவர் பேசினார். பக்கத்திலிருந்தவர்கள் வடைக்காகக் காத்திருந்தார்கள். நான் மட்டும் அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த அரை மணியில் எந்த எண்ணெய் எந்த அட்டவணையில் வரும் என்று சண்டை தொடங்கிவிட்டது.

அதெல்லாம் பிறகு. மணி விற்பனை நின்ற வருஷம் அண்ணாச்சிக்கு இன்னொரு நோட்டீஸ் போயிற்று. பித்தளைச் சாமான் விற்பனை சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது, காரணம் தெரிவிக்கவும் என்று. வரைவு எழுதியவள் நான்தான். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, இதுக்கு என்ன எழுத?”

வியாபாரச் சூழ்நிலை என்று எழுதுங்கள் அண்ணாச்சி என்றேன். எழுதிக் கொடுத்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.