இரண்டு பேருக்கும் சரி என்று எழுதிய பதில்

அந்தக் கோடையில் என் கட்டுரை ஆய்விதழிலிருந்து திரும்பி வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளுக்குப் பதில் எழுதி, திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். எனக்குக் கொடுத்த கால நீட்டிப்பும் முடியும் தறுவாயில் இருந்தது. பகலெல்லாம் கல்லூரியில் விடைத்தாள் திருத்திவிட்டு, சேலம் பேருந்தில் நின்றுகொண்டே அந்த மின்னஞ்சலை மறுபடி மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க அலுப்புதான் கூடியது.

என் கேள்வி சின்னது. வெயில் காலத்தில் கூரைமேல் தண்ணீர் தெளித்தால் கோழிகள் முட்டையிடுவது குறையாமல் இருக்குமா? நாமக்கல் பக்கம் மூன்று பண்ணைகளில், தெளிக்கும் கொட்டகை ஒன்று, தெளிக்காத கொட்டகை ஒன்று என்று ஒப்பிட்டேன். எருமப்பட்டி அருகில் இருந்த மூன்றாம் பண்ணையின் உரிமையாளர், வெயில் ஏறியதும் தண்ணீர் தெளித்த கொட்டகைக்கு மட்டும் தீவனத்தையும் மாற்றிவிட்டார். அவர் பிழைப்பு அவருக்கு. அதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். நல்ல பலன் தெரிந்ததும் அந்தப் பண்ணையில்தான்.

முதல் மதிப்பீட்டாளர், மூன்றாம் பண்ணையை நீக்குங்கள், பலன் தண்ணீராலா தீவனத்தாலா என்று பிரிக்க முடியாது என்றார். இரண்டாமவர், மூன்றாம் பண்ணைதான் இந்தக் கட்டுரையின் உயிர், விவசாயிகள் இப்படித்தான் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வார்கள், அதை விரித்து எழுதுங்கள் என்றார். இதழின் ஆசிரியரோ இருவர் கருத்தையும் கவனத்தில் கொள்ளவும் என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எனக்கு மூவர் மேலும் எரிச்சல்.

என் ஆய்வு நெறியாளர் நல்ல மனுஷன். யாரோடும் மல்லுக்கு நிற்கமாட்டார். "ரெண்டு பேரையும் பகைச்சுக்க வேண்டாம் அம்மணி. ஆளுக்கொரு நன்றியப் போட்டு, அவங்க சொன்னதெல்லாம் செஞ்சுபோடு" என்றார். எங்கள் துறையில் எல்லோரும் செய்வது அதுதான். நானும் செய்தேன். அட்டவணைகளிலிருந்து மூன்றாம் பண்ணையை எடுத்தேன். விவாதப் பகுதியில் அதே பண்ணையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். முதலாமவருக்கு "தங்கள் கருத்து முற்றிலும் சரி, நீக்கிவிட்டோம்" என்றும், இரண்டாமவருக்கு "தங்கள் கருத்து முற்றிலும் சரி, விரித்துவிட்டோம்" என்றும் பதில் தயாரானது.

அனுப்பும் முன் கல்லூரியில் ஆசிரியர்கள் ஓய்வறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு முறை படித்தேன். அந்த இதழில் பதில் ஒரே கோப்பாகப் போகும். இருவரும் அதைப் படிப்பார்கள். ஒருவருக்கு நான் போட்ட கும்பிடை மற்றவர் பார்ப்பார். கட்டுரையைப் படித்தால் அதைவிட மோசம். எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு பண்ணை இரண்டு பக்கம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் அலைந்து, எனக்கென்று ஒரு கருத்துகூட இல்லாமல் போய்விட்டதா என்று இருந்தது.

யார் சொன்னதை ஏற்பது என்ற யோசனையை விட்டுவிட்டு, நான் என்ன கேட்டேன் என்று பார்த்தேன். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். மூன்றாம் பண்ணையால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவ்வளவுதான். இரண்டாமவர் சொன்னதும் தப்பில்லை, ஆனால் அது வேறொரு கட்டுரை. மூன்றாம் பண்ணையைச் சேர்த்தும் நீக்கியும் கணக்கிட்டேன். நீக்கியதும் பலன் பாதிக்கும் கீழே இறங்கியது. முடிவுரையைத் திருத்தி, சிறிய பலன்தான் என்று எழுதினேன். விவாதப் பகுதியில் எழுதிய இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு, சேர்த்துக் கணக்கிட்டதைக் காரணத்தோடு பின்னிணைப்பில் வைத்தேன்.

நெறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல என்ன இருக்குதுன்னு போடுவாங்க? வேண்டாம்னு திருப்பிட்டா உன்ற பட்டம் என்னாகும்?"

"தெரியலைங்க சார். ஆனா ரெண்டு பேருக்கும் ஆமாங்கன்னு என்னால அனுப்ப முடியாது" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "செரி, அனுப்பு. எம் பேரும் அதுல இருக்கட்டும்" என்றார்.

இரண்டாமவருக்கு எழுதிய பதில்தான் கடினமாக இருந்தது. அவர் கருத்தை ஏற்க இயலவில்லை என்ற வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கீழே காரணத்தை எழுதினேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

கட்டுரை ஏற்கப்பட்டது. நான் யார் பேச்சைக் கேட்டேனோ அந்த முதலாமவர் திருப்தியடையாமல் இன்னொரு அட்டவணை கேட்டிருந்தார். இரண்டாமவர் ஒரே வரி எழுதியிருந்தார்: எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று இப்போது புரிகிறது, வெளியிடலாம். அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைத்திருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும் தூங்கிப்போயிருந்தேன்.