மொழிபெயர்ப்பு தொடாத சாம்பல் வரி

என் போனிலிருந்து எம்ப்ராய்டரி மெஷினை ஓட்டும் ஆப் அன்று காலை அப்டேட் ஆனதும் முழுக்கச் சீன மொழிக்கு மாறிக்கொண்டது. அருப்புக்கோட்டையில் என் தையல்கடைக்கு இருப்பது அந்த ஒரே மெஷின். நானே வரைந்த டிசைன்கள் அத்தனையும் அந்த ஆப்புக்குள் மட்டும்தான் இருந்தன. வேறெங்கும் நகல் எடுத்துவைக்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சாயங்காலம் பந்தல்குடிக்காரர்கள் கல்யாண ஜாக்கெட் வாங்க வருவார்கள்.

மெஷின் விற்ற மதுரைக் கடைக்குப் போன் போட்டேன். மெக்கானிக் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"செட்டிங்ஸ்ல கடைசி வரிய அமுக்குங்கக்கா. எல்லாம் பழையபடி வந்துரும்."

"அதுல என்ன எழுதியிருக்கு தம்பி?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா?"

எனக்கு எதுக்கா? சுள்ளென்று ஏறியது. "படிச்சுட்டு அமுக்குறேன்" என்று போனை வைத்தேன்.

எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தேன், காப்பி ஆகவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்பில் படமாகவே கொடுத்தேன். சீன எழுத்தின் மேலேயே தமிழ் வந்து உட்கார்ந்தது. நீளமான வார்த்தைகள் பக்கத்திலிருந்த சுவிட்சுகளை மூடிவிட்டன; அவை ஆன் நிலையா ஆஃப் நிலையா என்பதற்குப் பழைய படத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்ப் படத்தைத் தட்டினால் மெஷினுக்கு உறைக்காது என்பதால், எத்தனையாவது வரி என்ன என்று தையல் சாக்பீஸால் மேசையில் எழுதிக்கொண்டேன். கடைசி வரி, 'ஆரம்ப நிலைக்குத் திருப்பு'. அதற்குக் கீழே சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தாகப் பொடியாக இன்னொரு வரி. அதை மட்டும் ஆப் தொடவே இல்லை.

கூட வேலை பார்க்கும் என் மதினி எட்டிப் பார்த்தார். "மதுரைக்காரவுக சொன்னது சரிதான? அமுக்கித் தொலை, நேரமாகுது."

"படிக்காத வரி ஒண்ணு கெடக்கு மதினி. மாட்டேன்."

அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, எழுத்தைக் கறுப்பாக்கிக் கொடுத்தேன். முதல் தடவை உளறல். இன்னும் கறுப்பாக்கினேன். 'சேமித்த எல்லா வடிவங்களும் அழிக்கப்படும்.'

அடப்பாவி! மதினி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கிரீன்ஷாட்டில் கண்ணுக்குத் தெரிந்த பகுதிதானே விழும்? திரையைக் கீழே இழுத்து, மேலே மறைந்திருந்த வரிகளையும் படமெடுத்து மொழிபெயர்த்தேன். நான்காவது வரி, 'மொழி'. அதைத் தட்டினேன். பட்டியலில் இருந்த இங்கிலீஷை அமுக்கியதும் ஆப் பழையபடி வந்தது. டிசைன்கள் ஒன்று விடாமல் அப்படியே இருந்தன.

மறுபடி மதுரைக்குப் போட்டேன்.

"நீங்க சொன்னத அமுக்கியிருந்தா நான் வரைஞ்சதெல்லாம் போயிருக்கும், தம்பி."

"எல்லாருக்கும் அதான்க்கா சொல்லுவோம்."

"எத்தனை பேரு அமுக்குனாக?"

ஜாக்கெட் துணியை மாட்டி மெஷினை ஓடவிட்டேன். போனை வைக்காமல் அதன் பக்கத்திலேயே நீட்டிப் பிடித்திருந்தேன். என் டிசைன் ஓடும் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கட்டும்.