நாள் தப்பிய சான்றிதழ்

அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளைக் கவனிப்பவள் பொன்மணி. சீசனில் யாரையும் பயிற்சிக்கு விடமாட்டார்கள் என்பதால், புதுப்பிக்க வேண்டியதையெல்லாம் தீபாவளிக்குப் பின் என்றே நோட்டில் குறித்துவிடுவாள். போர்மேன் முனியராஜின் பாதுகாப்புச் சான்றிதழோ ஆவணியிலேயே முடிந்திருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி, புதுப்பிக்கும்வரை வெடிமருந்துக் கலவைப் பக்கம் அவர் போகக்கூடாதென்று எழுதிக் கொடுத்தார்.

"இருபது வருசம் ஒரு பொறி பறக்கவிடல. தாளு முடிஞ்சா வேலையும் மறந்துருமாக்கும்?" என்றார் முனியராஜ்.

"என் தப்புதாண்ணே. மன்னிச்சிருங்க."

"என்கிட்ட எதுக்குத் தாயி? உள்ள போறவன்கிட்டக் கேளு."

அவருக்குப் பதிலாக உள்ளே போனவன் பாண்டிராஜ். சான்றிதழ் புத்தம்புதிது, கலவையைக் கண்காணிப்பது அன்றுதான் முதல்முறை. சட்டப்படி இப்போது எல்லாம் சரி. பொன்மணி மாலைவரை கலவை அறைப் பக்கமே காதை வைத்திருந்தாள்.