அம்மன் விலக்கிவிட்ட விரதம்

எனக்கு வயிற்றுவலி வந்தது ஒரு கார்த்திகை மாதம். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலாகத்தான் தொடங்கியது. பத்து நாளில் உள்ளே யாரோ பிடித்து முறுக்குவதுபோல் ஆனது. என் அப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்தவர். அவருக்கும் முதலில் எரிச்சல்தான். அதனால் எனக்கு வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. டாக்டரிடம் போனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று போகவே இல்லை.

சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொஞ்சம் நிலம் இருக்கிறது, அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் துபாயில் காய்கறி, பழம் வைக்கும் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் வேலை செய்கிறேன். நான்கு வருடமாக இரவு ஷிப்ட்தான். எங்கள் தங்குமிடத்து மெஸ் பகல் வேலைக்காரர்களின் நேரத்துக்கு நடப்பது. காலையில் அறைக்கு வந்ததும் படுத்துவிடுவேன், மதியச் சாப்பாடு தூக்கத்தில் போய்விடும். சாயங்காலம் எழுந்து குளித்துக் கிளம்புவதற்குள் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். டப்பாவில் கட்டிக் கொண்டுபோகும் சோறு பாதி ராத்திரியில் விறைத்துப்போய்க் கிடக்கும். அதைத் தின்ன யாருக்கு மனசு வரும்?

டீ மட்டும் எப்போது கேட்டாலும் சூடாகக் கிடைக்கும். குளிரில் நின்று வேலை பார்ப்பவனுக்கு அது அமிர்தம். பசித்தால் டீ, தூக்கம் வந்தால் டீ, பெட்டி இறக்கி முடித்தால் டீ. ஒரு ராத்திரிக்கு எத்தனை என்று எண்ணியதில்லை. குடித்ததும் பசி அடங்கும், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன். ஊரிலிருந்து என் மனைவி செல்வி போனில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், ஆச்சு என்பேன்.

வலி வந்ததும் நான் செய்த முதல் காரியம், எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது. வலி தீரும்வரை செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சோறு தொடமாட்டேன், அம்மா நீதான் காப்பாற்ற வேண்டும் என்று அறையில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். விரதத்துக்கு டீ தோஷமில்லை என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். சாப்பிடாததால் வந்த வலிக்குச் சாப்பிடாமல் இருப்பதையே வைத்தியமாகச் செய்தவன் நான். சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். அப்போது எனக்கு அது தெரியாது.

விரத நாளில் வலி உயிரை வாங்கும். சாமி சோதிக்கிறாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரு விசித்திரம், எப்போதாவது இரண்டு பிஸ்கட் தின்றால் வலி கொஞ்சம் அடங்கும். டீ குடித்தாலும் ஒரு கால்மணி நேரம் இதமாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசமாக எரியும். மார்கழி முடிவதற்குள் பேண்ட் இடுப்பில் நிற்காமல் போயிற்று. அப்பாவும் இப்படித்தான் இளைத்தார்.

பொங்கலன்று வீடியோவில் பேசும்போது செல்வி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். விடாமல் கேட்டதில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் போங்க, விரதத்தை விடுங்க என்று அழுதாள். நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டால் தெய்வக்குத்தம் ஆகிவிடும், நமக்கு இருப்பது ஒரே பெண் குழந்தை, அவள் தலையில் வந்து விடியும் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டாள். கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பூசாரியிடம் சொல்லிப் பூ போட்டுக் கேட்டிருக்கிறாள். அரளியில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று, வாழையிலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, விரதத்தை விடலாமா என்று வேண்டிக்கொண்டு ஒன்றை எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளை வந்தால் உத்தரவு.

அவள் பிரித்த இலையைப் போனுக்கு முன்னால் காட்டினாள். வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துட்டாங்க. இனிமே நீங்க பட்டினி கிடந்தாத்தான் தெய்வக்குத்தம். போயி டாக்டரப் பாருங்க."

அன்று படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பிறகு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

டாக்டர் ஒரு மலையாளி அம்மா, தமிழ் புரிந்தது. மலம் கறுப்பாகப் போகிறதா, ரத்த வாந்தி உண்டா, வலிமாத்திரை போடும் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்பாவைப் பற்றிச் சொன்னதும், எடை குறைந்ததையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அந்தப் பரிசோதனைக்கும் வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும், கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை இறக்கினார்கள். அம்மா, அம்மா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.

கட்டி இல்லை. பெரிய புண்ணும் இல்லை. இரைப்பையின் உள்தோல் செக்கச்செவேலென்று வீங்கி, அங்கங்கே உரிந்திருந்தது. வயிற்றில் இருக்கும் கிருமிக்காகச் சோதனை செய்தார்கள், அதுவும் இல்லை என்று வந்தது.

டாக்டர் சொன்னது இதுதான். சோற்றைக் கரைக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. சோறு வரவில்லை என்பதற்காக அது அடியோடு நின்றுவிடாது. டீ இன்னும் கொஞ்சம் அமிலத்தைச் சுரக்கவைக்கும். டீயில் விடும் பால் முதலில் இதமாக இருக்கும், அதுவும் பின்னால் அமிலத்தைக் கூட்டும். கரைக்கச் சோறு இல்லாத வயிற்றில் இது தினமும் நடந்தால் உள்தோல் தாங்காது. பிஸ்கட் தின்றதும் வலி அடங்கியதற்குக் காரணம், அமிலத்துக்கு ஏதோ கிடைத்ததுதான்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைக் காலையில் போடு என்று எல்லோருக்கும் சொல்வார்கள். எனக்குச் சாயங்காலம் எழுந்ததும் போடச் சொன்னார், அரைமணி கழித்துச் சாப்பாடு. எனக்கு விடிவது அப்போதுதானே. ஷிப்டின் நடுவில் ஒரு சாப்பாடு, திரும்பி வந்ததும் இட்லியோ கஞ்சியோ கொஞ்சம், சாப்பிட்ட கையோடு படுக்கக்கூடாது. டீ இரண்டு போதும், அதுவும் சாப்பிட்ட பிறகு. காரம் குறைக்க வேண்டும்.

மெஸ்காரரிடம் கெஞ்சி எனக்கு ஒரு பங்கு தனியாக எடுத்துவைக்க ஏற்பாடு செய்தேன். கிடங்கு அலுவலகத்தில் சூடுபண்ணும் அடுப்பு ஒன்று நான்கு வருடமாக இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஒரே நாளில் வலி போய்விடவில்லை. முதல் வாரம் டீ இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. மாசி பிறந்தபோதுதான் வலி இல்லாமல் ஒரு முழு ஷிப்ட் வேலை செய்தேன்.

வைகாசித் திருவிழாவுக்கு லீவில் வந்தேன். நன்றிக்கடனாகத் தீ மிதிப்பது என்ற முடிவோடு வந்திருந்தேன். அதற்குக் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டும். செல்வியிடம் சொன்னதும் முறைத்தாள்.

"அது முடியாதுங்க. உங்க பேர்ல நான் வேற வேண்டிக்கிட்டிருக்கேன்."

அன்று சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். வெள்ளை வரும்வரை வெள்ளிக்கு வெள்ளி கேட்டுக்கொண்டே இருந்திருப்பாளாம், பெற்ற தாயிடம் கேட்க என்ன வெட்கம் என்றாள்.

அவள் வேண்டிக்கொண்டது என்னவென்று அன்னதானப் பந்தலில்தான் தெரிந்தது. வாளி தூக்கிப் பரிமாறப் போன என் கையிலிருந்து வாளியை வாங்கிவிட்டாள். ஊர்ச்சனத்தோடு வரிசையில் உட்காரச் சொன்னாள். இலையில் அவளே சோறு வைத்தாள். அம்மா, என் வீட்டுக்காரர் உன் வாசலில் உட்கார்ந்து வயிறார ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும், அதுதான் அவள் நேர்த்திக்கடன். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு வந்துவிட்டார், நான் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சோற்றிலேயே இருந்தேன். அவசரமில்லை, மெல்ல சாப்பிடுங்க என்றாள்.

அன்பானவர்களே, கடல் கடந்து ராத்திரி வேலை பார்க்கும் எவராவது இதைப் படித்தால், உங்கள் குலதெய்வத்தை நம்பி வேண்டிக்கொள்ளுங்கள், நிச்சயம் வழி காட்டும். காட்டும்போது டாக்டரிடம் போங்கள். இன்று சாப்பிடவில்லை என்றால், மற்றதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எழுந்து போய் ஒரு வாய் சாப்பிடுங்கள். என் அம்மன் அதைப் பூசையாகவே ஏற்றுக்கொள்கிறாள்.